ப்ளே ஸ்டோரிலிருந்து நம் செயலியை எடுத்தால் பழைய பயனர்களுக்கு என்ன ஆகும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சொந்தமாகச் செயலி செய்து வெளியிட்ட நண்பர்களும், அவர்களிடம் வேலை கொடுத்த சிறு நிறுவனக்காரர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை இங்கே ஒரே இடத்தில் வைத்திருக்கிறேன். பெரும்பாலும் ஆண்ட்ராய்டு, கூகுள் ப்ளே பற்றியவை. ஐபோனுக்கு ஒரே ஒரு கேள்வி, கடைசியில் இருக்கிறது. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை விட்டிருக்கிறேன்.

1. ப்ளே ஸ்டோர்ல இருந்து எடுத்துட்டா, ஏற்கெனவே போட்டிருக்கவங்க போன்ல இருந்தும் போயிடுமா அண்ணா?

போகாது. நீங்கள் எடுப்பது கடையில் இருக்கும் பக்கத்தை மட்டும்தான். போனில் நிறுவப்பட்ட செயலி அந்தப் போனின் நினைவகத்தில் இருக்கிறது; அதைத் திறக்க ப்ளே ஸ்டோரின் அனுமதி தேவையில்லை. புதிதாக ஒருவர் தேடினால் கிடைக்காது, பழைய இணைப்பைத் தட்டினாலும் நிறுவ முடியாது. ஏற்கெனவே வைத்திருப்பவர் வழக்கம்போலத் திறந்து பயன்படுத்துவார், நீங்கள் அனுப்பும் புதுப்பிப்பும் அவருக்குப் போய்ச் சேரும்.

இதற்கு எல்லோருக்கும் தெரிந்த உதாரணம் ஃப்ளாப்பி பேர்ட். வியட்நாமைச் சேர்ந்த டோங் நுயென் 2014 பிப்ரவரியில் அந்த விளையாட்டை ஆப்பிள், கூகுள் இரண்டு கடைகளிலிருந்தும் தானே எடுத்துவிட்டார். ஏற்கெனவே இறக்கியவர்களின் போனில் அது தொடர்ந்து ஓடியது. அந்த விளையாட்டு ஏற்றிய பழைய போன்களைச் சிலர் ஏல இணையதளங்களில் பெரிய விலை சொல்லி விற்கப் போட்டார்கள். சர்வர் தேவைப்படாத விளையாட்டு என்பதால்தான் அது அவ்வளவு சுலபமாகத் தொடர்ந்து ஓடியது. உங்கள் செயலியும் அப்படிப்பட்டதா என்பதைப் பொறுத்துத்தான் கீழே வரும் பாதிக் கேள்விகளுக்குப் பதில் மாறும்.

2. டெலிட் பட்டனே காணோமே? எங்க இருக்கு?

நீங்கள் தேட வேண்டியது டெலிட் அல்ல, `Unpublish`. ப்ளே கன்சோலில் உங்கள் செயலியைத் திறந்து, `Advanced settings` பக்கத்தில் `App availability` என்ற பகுதிக்குப் போனால் `Published`, `Unpublished` என்று இரண்டு தேர்வுகள் இருக்கும். இரண்டாவதைத் தேர்ந்து சேமித்தால் போதும். கூகுளின் புதிய ஒப்பந்தம் எதையாவது ஏற்காமல் விட்டிருந்தாலோ, செயலியில் சரிசெய்ய வேண்டிய பிழை ஏதாவது நிலுவையில் இருந்தாலோ அதை முடித்த பிறகுதான் இது நடக்கும்.

முழுதாக அழிக்கும் வசதி, வெளியிடாத வரைவுகளுக்கும் இதுவரை ஒருவர்கூட நிறுவாத செயலிகளுக்கும்தான். ஒரு போனிலாவது ஏறிவிட்டால் அந்தச் செயலி உங்கள் கன்சோல் பட்டியலில் காலம் முழுக்க இருக்கும். அதன் பேக்கேஜ் பெயரும் (`com.` என்று ஆரம்பிக்குமே, அது) அதோடு பூட்டிக்கொள்ளும். வேறொரு புதிய செயலிக்கு அதே பெயரை வைக்க முடியாது. இதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. கேள்வி 13-இல் சொல்லும் காரணத்துக்காக அது அங்கேயே இருப்பதுதான் நல்லது.

3. எடுத்துட்டேன், ஆனா என் போன்ல இன்னும் பக்கம் தெரியுதே?

இரண்டு காரணங்கள் இருக்கலாம். மாற்றம் எல்லா இடத்துக்கும் பரவச் சில மணி நேரம் ஆகும். இன்னொன்று, நீங்களே அந்தச் செயலியை நிறுவியவர்; பழைய பயனருக்குப் பக்கம் தெரியத்தான் செய்யும். கணினியில் உலாவியின் மறைநிலைச் சாளரத்தைத் திறந்து, எந்தக் கூகுள் கணக்கிலும் நுழையாமல் இணைப்பைப் போட்டுப் பாருங்கள். `We're sorry, the requested URL was not found on this server.` என்று வந்தால் வேலை முடிந்தது.

4. ஒருத்தர் போன் மாத்திட்டார், இல்ல தெரியாம அழிச்சிட்டார். மறுபடி போட முடியுமா?

அதே கூகுள் கணக்கில் முன்பு நிறுவியவர், அந்தக் கணக்கிலேயே ப்ளே ஸ்டோருக்குள் போய்த் தன் பழைய செயலிகளின் பட்டியலிலிருந்தோ பழைய இணைப்பிலிருந்தோ மறுபடி போட்டுக்கொள்ளலாம். காசு கொடுத்து வாங்கிய செயலி என்றால் அந்த உரிமை அவர் கணக்கோடு இருக்கும். நடைமுறையில் சிக்கல் வருவது கணக்கு மாறும்போதுதான். போன் விற்ற கடைக்காரர் புதுப் போனில் புது ஜிமெயில் திறந்து கொடுத்திருப்பார். இவருக்குப் பழைய கணக்கு எது என்றே நினைவிருக்காது. புதுக் கணக்கைப் பொறுத்தவரை இவர் புது ஆள், செயலி கிடைக்காது.

அதனால் மூடுவதாக அறிவிக்கும்போதே, செயலிக்குள் இருக்கும் விவரங்களை ஒரு கோப்பாக வெளியே எடுக்கும் வசதியைக் கொடுத்துவிடுங்கள். "எப்போது வேண்டுமானாலும் மறுபடி இறக்கிக்கொள்ளலாம்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். அது உங்கள் கையில் இல்லை.

5. புது வெர்ஷன்ல பெரிய பிழை. சரி பண்ற வரைக்கும் ரெண்டு நாள் எடுத்து வைக்கலாமா?

வேண்டாம். பிழையால் அவதிப்படுபவர்கள் ஏற்கெனவே அந்தப் பதிப்பை வாங்கிவிட்டவர்கள். கடைப் பக்கத்தை மறைப்பதால் அவர்களுக்கு ஒரு பயனும் இல்லை, புதியவர்களை மட்டும் இழப்பீர்கள்.

ப்ளேயில் பின்னோக்கிப் போகும் வழி கிடையாது என்பதையும் நினைவில் வையுங்கள். பிழையுள்ள பதிப்பின் `versionCode` 41 என்றால், நன்றாக ஓடிய 40-இன் நிரலையே எடுத்து 42 என்று எண் போட்டு அனுப்ப வேண்டும். போன் எப்போதும் பெரிய எண்ணைத்தான் புதுப்பிப்பாக ஏற்கும். படிப்படியாக வெளியிட்டுக்கொண்டிருக்கும்போதே பிழை தெரிந்தால் அந்த வெளியீட்டை நிறுத்தி வைக்கலாம். அப்போதும் வாங்கிவிட்டவர்களுக்கு 42 தேவைதான்.

6. எல்லார் போன்ல இருந்தும் நானே அழிக்க வழி இருக்கா?

இல்லை. செயலியை வெளியிட்டவருக்கு அந்த அதிகாரம் கிடையாது. தீங்கான செயலி என்று கூகுள் முடிவு செய்தால் ப்ளே ப்ரொடெக்ட் வழியாகப் போனில் எச்சரிக்கும், முடக்கும், நீக்கவும் செய்யும். அது நீங்கள் கேட்டு வாங்கும் சேவை அல்ல, அந்தப் பட்டியலில் உங்கள் பெயர் வராமல் இருப்பதே நல்லது.

உங்களால் முடிவது, செயலி இனி வேலை செய்யாதபடி பண்ணுவது. அதற்கு விடைபெறும் பதிப்பு ஒன்றை அனுப்பலாம்: திறந்தால் "இந்தச் சேவை இந்தத் தேதியோடு முடிகிறது, உங்கள் விவரங்களை இங்கே எடுத்துக்கொள்ளுங்கள்" என்று ஒரு திரை மட்டும் காட்டும் பதிப்பு. சர்வரை நம்பி ஓடும் செயலி என்றால் சர்வரை நிறுத்துவது இன்னொரு வழி. இரண்டையும் சரியான வரிசையில் செய்யாவிட்டால் என்ன நடக்கும் என்பதுதான் அடுத்த இரண்டு கேள்விகள்.

7. விடைபெறும் பதிப்பை எடுத்த பிறகு அனுப்பினா போதுமா, முன்னாடியே அனுப்பணுமா?

முன்னாடியே. எடுத்த பிறகும் பழையவர்களுக்குப் புதுப்பிப்பு போகும் என்பது உண்மைதான், ஆனால் அந்த நேரத்தில் பரிசீலனையில் ஏதாவது சிக்கினால் உங்கள் நாள்கணக்கு எல்லாம் குழம்பிவிடும். கடைசிப் பதிப்பு நூறு சதவீதம் வெளியாகி, ஒரு மாதமாவது கடந்த பிறகு எடுங்கள்.

இதில் பலரும் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. மூன்று வருடமாகத் தொடாத செயலிக்கு விடை சொல்ல ஒரு பதிப்பு அனுப்பலாம் என்று உட்கார்ந்தால், கூகுள் ஏற்காது. ஒவ்வொரு ஆண்டும் குறைந்தபட்ச `targetSdk` எண்ணை ஏற்றிக்கொண்டே வருகிறார்கள். 2025 ஆகஸ்ட் 31 முதல் எந்தப் புதுப்பிப்பும் ஆண்ட்ராய்டு 15, அதாவது `targetSdk 35`-ஐக் குறிவைத்திருக்க வேண்டும். ஒரே ஒரு "போய் வருகிறோம்" திரைக்காகப் பழைய நூலகங்களை எல்லாம் புதுப்பிக்க வேண்டி வரும். அதற்குப் பதில், பழைய நிரலை ஒதுக்கிவிட்டு, அதே பேக்கேஜ் பெயரில் அறிவிப்பும் விவரங்களை வெளியே எடுக்கும் வசதியும் மட்டும் உள்ள சின்னச் செயலியைப் புதிதாக எழுதுவது பல நேரம் சுலபம். ஒன்றே ஒன்று: பழைய தரவுத்தளக் கோப்பின் பெயரும் அமைப்பும் மாறாமல் படிக்க வேண்டும், இல்லாவிட்டால் பயனரின் கணக்கு காணாமல் போனது போலத் தெரியும்.

எத்தனை பேருக்குப் போய்ச் சேர்ந்தது என்பதைக் கன்சோலின் `Statistics` பக்கத்தில், நிறுவியிருப்போர் எண்ணிக்கையைப் பதிப்புவாரியாகப் பிரித்துப் பார்க்கலாம். எல்லோரையும் எட்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். தானாகப் புதுப்பிப்பதை நிறுத்தி வைத்திருப்பவர்கள், இடமில்லாத போன்கள், புதிய பதிப்பின் `minSdk`-க்குக் கீழே இருக்கும் பழைய ஆண்ட்ராய்டுகள் என்று ஒரு பங்கு எப்போதும் பின்தங்கும். கடைசி வகையைக் குறைக்க விடைபெறும் பதிப்பில் `minSdk`-ஐ ஏற்றாமல் விடுங்கள்.

8. செயலியை எடுத்தாச்சு, சர்வரையும் அன்னிக்கே நிறுத்திட்டேன். இப்ப ஏன் திட்டுறாங்க?

அவர்கள் போனில் செயலி இருக்கிறது, திறக்கிறது, ஆனால் "இணைய இணைப்பைச் சரிபார்க்கவும்" என்று சொல்கிறது. அவர்கள் வைஃபையை அணைத்துப் போடுவார்கள், போனை மறுதொடக்கம் செய்வார்கள், செயலியை அழித்து மறுபடி போடுவார்கள். கடைசியில் சொன்னது பெரும் சேதம். போனுக்குள் மட்டும் இருந்த விவரம் அதோடு போய்விடும். பெரும்பாலான செயலிகளில் எந்தப் பிழை வந்தாலும் ஒரே வாக்கியத்தைக் காட்டும்படி எழுதியிருப்பதுதான் இதற்குக் காரணம்.

சர்வரை நிறுத்துவது என்றால் இயந்திரத்தை அணைப்பது அல்ல. அந்த முகவரியில் "மூடிவிட்டோம்" என்று பதில் சொல்லும் சிறிய ஒன்றை விட்டுவைப்பது. ஒரு நிலையான பதிலே போதும்:

```
HTTP/1.1 410 Gone
Content-Type: application/json

{"status":"closed","export_until":"2026-12-31"}
```

`404` என்றால் "இங்கே இல்லை" என்று மட்டும் பொருள், `503` என்றால் "கொஞ்ச நேரம் கழித்து வா" என்று பொருள். `503` கண்டால் மறுபடி மறுபடி முயலும்படி எழுதப்பட்ட செயலி பின்னணியில் மாதக்கணக்கில் கதவைத் தட்டும், பயனரின் பேட்டரி போகும். `410` என்பது நிரந்தரமாக இல்லை என்று சொல்வது. பழைய பதிப்புகளுக்கு `410`-ஐக் கண்டால் என்ன செய்வது என்று தெரியாது, பொதுவான பிழையையே காட்டும். விடைபெறும் பதிப்பில்தான் அதைப் புரிந்து சரியான திரையைக் காட்டும்படி எழுத முடியும். அதனால்தான் வரிசை முக்கியம்: முதலில் பதிப்பு, அப்புறம் கடைப் பக்கம், கடைசியில் சர்வர்.

9. சந்தா கட்டிட்டு இருக்கவங்க? எடுத்ததும் காசு பிடிக்கிறது நின்னுடும்தானே?

அப்படி நினைத்து விட்டுவிடாதீர்கள். கடைப் பக்கத்தை எடுப்பது ஒரு வேலை, சந்தாவை ரத்து செய்வது வேறு வேலை. பயனர் செயலியைப் போனிலிருந்து அழித்தால்கூடச் சந்தா நிற்பதில்லை, அவர் தனியாக ரத்து செய்ய வேண்டும். சேவை நின்ற பிறகும் பணம் பிடித்தால் அது புகாரில் முடியும், நியாயமான புகார்.

ஒரு உதாரணம் வைத்துப் பார்க்கலாம். சீட்டுக் கணக்கு எழுதும் செயலி. மாதம் ₹79, வருடம் ₹699. டிசம்பர் 31 அன்று சர்வரை நிறுத்த முடிவு. செப்டம்பர் 1 அன்று அறிவிப்பு கொடுத்து, கன்சோலில் இரண்டு திட்டங்களையும் `Deactivate` செய்கிறார்கள். இதனால் புதிதாக யாரும் சேர முடியாது, பழையவர்களின் புதுப்பித்தல் மட்டும் தொடரும். அன்றே வருடச் சந்தாக்கள் அனைத்தையும் `purchases.subscriptions.cancel` மூலம் ரத்து செய்கிறார்கள். இந்த ரத்து உடனே வெட்டிவிடாது. கட்டிய காலம் முடியும்வரை சேவை இருக்கும், அடுத்த முறை பணம் பிடிக்காது. அக்டோபர் நடுவில் வருடம் முடிகிறவருக்கு மிச்ச இரண்டரை மாதத்தைச் சர்வர் பக்கத்திலேயே இலவசமாகத் திறந்துவிடுவது கண்ணியம், செலவும் பெரிதாக இல்லை.

மாதச் சந்தாவை நவம்பர் 20 அன்று ரத்து செய்கிறார்கள். அன்று காலையில்தான் புதுப்பித்தவருக்கும் டிசம்பர் 20 வரை சேவை கிடைத்துவிடும். பாக்கி இருப்பது, கட்டிய வருடம் டிசம்பர் 31-ஐத் தாண்டிப் போகிறவர்கள். ஆகஸ்ட் 10 அன்று ₹699 கட்டியவர் டிசம்பர் 31 வரை 143 நாள் பயன்படுத்தியிருப்பார், 222 நாள் மிச்சம். 699-ஐ 365-ஆல் வகுத்து 222-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய ₹425. இதைக் கையால் கணக்குப் போட வேண்டியதில்லை. `purchases.subscriptionsv2.revoke` அழைப்பில் `proratedRefund` என்று கொடுத்தால் சந்தாவை அப்போதே முடித்து, மிச்ச நாட்களுக்கான தொகையைக் கூகுள் திருப்பிக் கொடுத்துவிடும். அதனால் இதை டிசம்பர் 31 அன்றே செய்ய வேண்டும், செப்டம்பரில் அல்ல.

இந்த அழைப்புகளுக்கு ஒவ்வொருவரின் `purchaseToken` உங்கள் தரவுத்தளத்தில் இருக்க வேண்டும். சேமித்து வைக்கவில்லையென்றால் கன்சோலின் `Order management` பக்கத்தில் ஒவ்வொன்றாகத் தேடி ரத்து செய்ய வேண்டியதுதான். நூறு பேர் என்றால் ஒரு மாலை வேலை, ஆயிரம் பேர் என்றால் யோசிக்கவே பயமாக இருக்கும்.

10. "வாழ்நாள் சந்தா"ன்னு ஒரே தடவை ₹499 வாங்கியிருக்கோம். அவங்களுக்கு என்ன கடமை?

ஒருமுறை வாங்கியதில் ரத்து செய்ய எதுவும் இல்லை, பணமும் தானாகத் திரும்பாது. வாங்கிய வசதி போனிலேயே ஓடக்கூடியது என்றால், விடைபெறும் பதிப்பில் சர்வர் சரிபார்ப்பைக் கழற்றிவிட்டு அதைத் திறந்து வையுங்கள். சர்வர் இல்லாமல் ஓடாது என்றால், அண்மையில் வாங்கியவர்களுக்காவது `Order management` வழியாகப் பணத்தைத் திருப்பித் தருவது முறை. "வாழ்நாள்" என்று எழுதியவர்கள் யாருடைய வாழ்நாள் என்று எழுதவில்லை என்று ஒரு நண்பர் கிண்டல் செய்வார். வாங்கியவரிடம் அந்தப் பதில் எடுபடாது.

11. நான் எடுக்கவே இல்ல. ஆனா புது போன்ல தேடினா என் செயலி வரமாட்டேங்குது. கூகுள் எடுத்துட்டாங்களா?

பெரும்பாலும் இல்லை. கேள்வி 7-இல் சொன்ன `targetSdk` விதியின் இன்னொரு முகம் இது. புதுப்பிக்காமல் கிடக்கும் செயலிகளுக்கும் ஒரு குறைந்தபட்சம் உண்டு. 2025 ஆகஸ்ட் 31 முதல் அது ஆண்ட்ராய்டு 14, `targetSdk 34`. அதற்குக் கீழே இருந்தால், உங்கள் செயலி குறிவைத்திருப்பதைவிடப் புதிய ஆண்ட்ராய்டு உள்ள போன்களில் புதியவர்களுக்குத் தெரியாது. பழைய போனில் தேடினால் வரும், முன்பு நிறுவியவருக்கும் வரும். பாதிப் பேருக்குத் தெரிந்து பாதிப் பேருக்குத் தெரியாமல் இருந்தால் இதுதான் காரணம் என்று சந்தேகப்படுங்கள். சும்மா விட்டாலே கடை மெல்ல மெல்ல உங்களை மறைத்துவிடும் என்று அர்த்தம்.

கூகுளே நீக்கினால் கன்சோலில் `Removed` அல்லது `Suspended` என்று நிலை காட்டும், மின்னஞ்சலும் வரும். முதலாவதில் விதிக்கு உட்பட்ட புதிய பதிப்பை அனுப்பி மீளலாம். இரண்டாவது கடுமையானது, பயனர்கள், மதிப்பீடுகள், புள்ளிவிவரம் எல்லாம் போகும், திரும்பத் திரும்ப நடந்தால் கணக்கே மூடப்படலாம். எச்சரிக்கை வந்ததும் பயந்து `Unpublish` செய்து தப்பிக்கப் பார்ப்பவர்கள் உண்டு. மீறல் அதனால் மறைந்துவிடாது. மின்னஞ்சலில் கேட்டதைச் சரிசெய்துவிட்டு எடுப்பதே வழி.

12. பயனர்கள் விவரம் சர்வர்ல இருக்கு. மூடிட்டா சும்மா விட்டுடலாமா?

கூடாது. கணக்குத் தொடங்கும் வசதி உள்ள செயலி, அந்தக் கணக்கை அழிக்கச் செயலிக்குள் ஒரு வழியும் வெளியே ஒரு வலைப்பக்க இணைப்பும் தர வேண்டும் என்பது ப்ளேயின் விதி. விவரங்களை வைத்திருக்கும்வரை அந்த வலைப்பக்கம் வேலை செய்ய வேண்டும், கடைப் பக்கம் போனதால் அதையும் எடுத்துவிடாதீர்கள். இந்தியாவின் தனிநபர் மின்னணுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023-உம், எந்த நோக்கத்துக்காக விவரம் வாங்கப்பட்டதோ அந்த நோக்கம் முடிந்தால் அழிக்கச் சொல்கிறது. வேறு சட்டப்படி வைத்திருக்க வேண்டிய கணக்குவழக்குகள் மட்டும் விலக்கு.

இதைவிட யாரும் யோசிக்காத ஆபத்து, டொமைன் பெயர். செயலி மூடியாச்சு, இனி எதற்கு வருடா வருடம் பணம் என்று புதுப்பிக்காமல் விடுவார்கள். ஆனால் பின்தங்கிய பழைய பதிப்புகள் இன்னும் அந்த முகவரிக்குத்தான் பேசுகின்றன. காலாவதியான பெயரை வேறு யாராவது வாங்கி, அதற்கு முறையான சான்றிதழும் எடுத்துவிட்டால், உங்கள் பயனர்களின் உள்நுழைவுத் தகவல் அவர் கைக்குப் போகும். செயலிக்குள் வலைப்பக்கம் திறக்கும் வசதி இருந்தால் அவர் விரும்பிய திரையை உங்கள் பெயரில் காட்டவும் முடியும். நிறுவியிருப்போர் எண்ணிக்கை மிகவும் குறையும்வரை டொமைனை வைத்திருங்கள். கேள்வி 8-இல் சொன்ன `410` பதிலும் அதே டொமைனில்தான் இருக்கப்போகிறது.

13. ரெண்டு வருஷம் கழிச்சு மறுபடி கொண்டு வரணும்னா?

அதே `App availability` பக்கத்தில் `Published` என்று மாற்றினால் அதே பேக்கேஜ் பெயர், பழைய மதிப்பீடுகள், விமர்சனங்களோடு திரும்பி வரும். அந்தச் சமயத்தில் நடப்பில் இருக்கும் `targetSdk` விதியையும் மற்ற படிவங்களையும் நிறைவேற்ற வேண்டும். இன்னும் செயலியை அழிக்காமல் வைத்திருக்கும் பழையவர்களுக்கு அது சாதாரணப் புதுப்பிப்பாகப் போய்ச் சேரும்.

இதெல்லாம் நடக்கச் சாவி வேண்டும். 2021 ஆகஸ்டுக்குப் பிறகு வந்த செயலிகளுக்குக் கையொப்பச் சாவி கூகுளிடம் இருக்கும், உங்களிடம் இருப்பது பதிவேற்றச் சாவி; அது தொலைந்தால் கன்சோலிலேயே மாற்றக் கேட்கலாம். அதற்கு முந்தைய செயலி, கூகுளின் சாவித் திட்டத்தில் சேரவில்லை, சாவி இருந்த `.jks` கோப்பும் பழைய மடிக்கணினியோடு போய்விட்டது என்றால், அந்தப் பெயரில் இனி ஒரு புதுப்பிப்பும் அனுப்ப முடியாது. விடைபெறும் பதிப்புகூட. எடுக்கும் முன் முதலில் பார்க்க வேண்டியது இந்தக் கோப்பு எங்கே என்பதைத்தான்.

வேறு யாராவது நடத்தத் தயாராக இருந்தால், மூடுவதற்குப் பதில் அவர்களின் டெவலப்பர் கணக்குக்கு மாற்றிக் கொடுக்கலாம். பயனர்கள், மதிப்பீடுகள், சந்தாக்கள் அப்படியே போகும்.

14. எடுத்த பிறகு எங்க செயலியோட ஏபிகே வேற சைட்ல கிடைக்குது. தடுக்கலாமா?

முழுதாகத் தடுக்க முடியாது. பதிப்புரிமைப் புகார் கொடுத்தால் சில தளங்கள் எடுக்கும். பிரச்சினை உங்கள் அசல் கோப்பு கிடைப்பதில் இல்லை. கடையில் அசல் இல்லாத இடைவெளியில் அதே பெயர், அதே படத்தோடு போலிகள் வரும். ஃப்ளாப்பி பேர்ட் போன சில நாட்களில், அதே தோற்றத்தில் இருந்துகொண்டு பின்னால் கட்டண எஸ்எம்எஸ் அனுப்பிக் காசு பிடுங்கும் ஏபிகேக்கள் சுற்றின. உங்கள் தளத்தில் "இந்தச் செயலியை இந்தத் தேதியில் நிறுத்திவிட்டோம், இனி இந்தப் பெயரில் வருவது எங்களுடையது அல்ல" என்று ஒரு பக்கத்தை விட்டுவையுங்கள். தேடுபவர் கண்ணில் முதலில் படுவது அதுவாக இருக்கட்டும்.

15. ஐபோன்லயும் இதே கதைதானா?

அடிப்படை ஒன்றுதான். ஆப் ஸ்டோர் கனெக்டில் விற்பனையிலிருந்து எடுத்தால் புதியவர்களுக்குக் கிடைக்காது, வைத்திருப்பவரிடம் தொடரும், முன்பு இறக்கியவர் தன் வாங்கிய பட்டியலிலிருந்து மறுபடி இறக்கிக்கொள்ளலாம். சட்டச் சிக்கலோ பயன்படுத்த முடியாத கோளாறோ உள்ள பழைய பதிப்பு மறுபடி இறங்கக் கூடாது என்றால் `Last-Compatible Version Settings` என்ற இடத்தில் அதை நீக்கலாம்.

பெரிய வித்தியாசம் கட்டணத்தில் இருக்கிறது. கூகுளுக்கு 25 டாலர் ஒருமுறை கட்டினால் முடிந்தது. ஆப்பிளுக்கு ஆண்டுக்கு 99 டாலர். கட்டாமல் விட்டால் நீங்கள் எதையும் தொடாமலேயே செயலி கடையிலிருந்து இறங்கிவிடும், புதுப்பிப்பும் அனுப்ப முடியாது. "ஐபோன் பக்கம் அப்புறம் பார்த்துக்கலாம்" என்று தள்ளிப்போடுபவர்கள், விடைபெறும் பதிப்பை உறுப்பினர் காலம் முடிவதற்குள் அனுப்பிவிடுங்கள்.